அவர்களே எழுதிய நிபந்தனை

ஐ.டி. கம்பெனிகளுக்குக் கட்டடம் கட்டுவதே பெங்களூரின் தொழில் என்று ஆகியிருந்த காலம் அது. நான் ஃபால்ஸ் சீலிங், பார்ட்டிஷன் வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்தேன். என் பெயரில் ஒரு சின்ன நிறுவனம், மர்பி டவுனில் ஒரு அறை, ஒன்பது ஆட்கள், அவர்களுக்கு ஒரு மேஸ்திரி. ஓசூர் ரோட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் நான்கு மாடிகளுக்குச் சீலிங் போடும் வேலையை, அந்தக் கட்டடத்தைக் கட்டிய பெரிய கான்ட்ராக்டர் எங்களுக்குக் கொடுத்தார். அதற்கு முன் அவ்வளவு பெரிய வேலையை நான் பார்த்ததில்லை.

வேலை முடிந்தது. அளவெடுத்தோம். எங்கள் மேஸ்திரியும் அவர்களுடைய சைட் இன்ஜினியரும் அளவுப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார்கள். கடைசி பில்லைக் கொடுத்தேன். நாலு லட்சத்துக்குச் சற்று மேல். அதன் பிறகு ஆரம்பித்தது அந்த "அடுத்த மாசம்".

"மேடம், ஓனர் இன்னும் எங்களுக்கே ரிலீஸ் பண்ணல. ஸ்வல்ப பொறுங்க" என்பார் அவர்களுடைய பில்லிங் மேனேஜர். எப்போதும் போனில்தான். ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்றால், "நம்மளுக்குள்ள எதுக்கு மேடம் பேப்பரெல்லாம்? ஃபேமிலி மாதிரி இருக்கோம்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன். ஆட்களுக்குக் கூலி கொடுக்க இரண்டு வளையல்களை அடகு வைத்தேன். அப்படியும் எல்லோருக்கும் கொடுக்க முடியவில்லை. அந்தக் குடும்பத்தில் என் வளையல்களுக்கு என்ன உறவு என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

ஏறக்குறைய மூன்று வருஷம் இப்படிப் போனது. பிறகு அமெரிக்காவில் ஏதோ சரிந்தது என்றார்கள். அந்த சாஃப்ட்வேர் கம்பெனி இரண்டு மாடிகளைக் காலி செய்தது. மேனேஜரின் குரலும் மாறியது. ஒரு நாள் போனில் சொன்னார்: "மேடம், உங்க வேலையில டிஃபெக்ட் இருக்குன்னு மேல சொல்றாங்க. இப்படியே கேட்டுட்டிருந்தா நாங்க ரிகவரி போட்டு உங்ககிட்டேருந்தே பணம் கேக்கவேண்டி வரும். இல்லன்னா கோர்ட்டுக்குப் போங்க. பத்து வருஷம் ஆகும். போங்க."

அன்றுதான் அல்சூரில் இருந்த ஒரு வக்கீல் அம்மாவைத் தேடிப் போனேன். நாற்பது வயதிருக்கும். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. மேஜையில் ஃபைல்கள், ஒரு டேபிள் ஃபேன்.

"கேஸ் போடணும்" என்றேன் உட்காருவதற்கு முன்பே.

"முதல்ல ஒர்க் ஆர்டரைக் குடுங்க."

அவர் முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை. பின்னால் கோத்திருந்த பொடி எழுத்துப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஓரிடத்தில் பென்சிலால் கோடு போட்டு என் பக்கம் நகர்த்தினார். முப்பத்து நான்காவது நிபந்தனை. இந்த ஒப்பந்தத்திலிருந்து எழும் எந்தத் தகராறும், இரு தரப்பும் சம்மதிக்கும் ஒரே நடுவரிடம் விடப்படும். விசாரணை பெங்களூரில் நடக்கும்.

"நீங்க கோர்ட்ல கேஸ் போட்டீங்கன்னா, அவங்க முதல் வேலையா இந்தப் பக்கத்தை ஜட்ஜ் முன்னாடி வைப்பாங்க. 'ஆர்பிட்ரேஷன் இருக்கு, அங்க அனுப்புங்க'ன்னு கேப்பாங்க. ஜட்ஜ் அனுப்பித்தான் ஆகணும். போன இடத்துலேருந்து திரும்பி வர்றதுக்கே எவ்வளவு நாள் ஆகும், பாத்துக்கோங்க."

"அப்ப அவர் என்னை ஏன் கோர்ட்டுக்குப் போன்னு சொன்னார்?"

வக்கீல் அம்மா என்னையே பார்த்தார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் கொதித்தது. அவர்கள் எழுதிய நிபந்தனை, அவர்கள் டைப் அடித்த தாள். அதில் என்ன இருக்கிறது என்று அந்த மேனேஜருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தே என்னைத் தப்பான வாசலுக்கு அனுப்பப் பார்த்திருக்கிறார்.

"அவங்க பாக்கி இருக்குன்னு எங்கயாவது எழுதிக் குடுத்திருக்காங்களா? ஒரு ஃபேக்ஸ்? ஒரு லெட்டர்?"

"எல்லாம் போன்தான்."

"அவங்க போன்லயே பேசினது சும்மா இல்ல. எழுத்துல ஒத்துக்கிட்டா அன்னையிலேருந்து உங்களுக்குப் புதுசா மூணு வருஷம் கிடைச்சிருக்கும். இப்ப வேலை முடிஞ்சு மூணு வருஷம் ஆக இன்னும் பதினொரு நாள்தான் இருக்கு. அது தாண்டினா சட்டப்படி கேக்கவே முடியாது." பென்சிலை மேஜையில் தட்டினார். "ஆர்பிட்ரேஷனுக்கு விடணும்னு நீங்க அனுப்பற நோட்டீஸ் அவங்க கைக்குப் போய்ச் சேர்ற நாள்தான் கணக்கு. எழுதற நாளும் இல்ல, போஸ்ட் பண்ற நாளும் இல்ல. போய்ச் சேரணும்."

அன்று மாலைக்குள் நோட்டீஸ் தயாரானது. எந்த வேலை, எந்த பில், என்ன பாக்கி, எந்த நிபந்தனையின்படி கேட்கிறோம், எல்லாம் இரண்டு பக்கத்தில். அடியில் நடுவராக இருக்கத் தகுந்த மூன்று பேரின் பெயர்கள். முப்பது நாளுக்குள் ஒருவருக்குச் சம்மதம் சொல்லுங்கள். இல்லையென்றால் ஹைகோர்ட்டின் தலைமை நீதிபதியிடம் நடுவரை நியமிக்கச் சொல்லிக் கேட்போம் என்று கடைசி வரி. ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினோம். இன்னொன்றை நானே கையில் எடுத்துக்கொண்டு, மேஸ்திரியையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு, சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அவர்களுடைய ஆபீசுக்குப் போனேன்.

வரவேற்பில் இருந்த பெண், "குத்கொள்ளி மேடம்" என்று நாற்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தோம். சீல் போட்டுக் கொடுக்கச் சொன்னதும் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். முகம் மாறியிருந்தது. அவள் பின்னாலேயே மேனேஜர் வந்தார்.

"என்ன மேடம், கோர்ட் நோட்டீஸா?"

"இல்ல சார். உங்க முப்பத்து நாலாவது கண்டிஷன்."

ஒரு நொடி நின்றார். பிறகு அந்தப் பழைய சிரிப்பு. "ஆர்பிட்ரேட்டருக்கு ஃபீஸ் யார் குடுப்பா? உங்களால முடியுமா? வீட்டுக்குப் போங்க மேடம். உங்க ஹஸ்பண்டை வரச் சொல்லுங்க, பேசலாம்."

"கம்பெனி என் பேர்ல இருக்கு. ஒர்க் ஆர்டர் என் பேர்ல இருக்கு. வாங்கிக்கிட்டு சீல் போடுங்க."

"சீல் போட முடியாது."

எனக்கு முன்னால் மேஸ்திரி எழுந்துவிட்டார். "சார், உங்க நாலு மாடியையும் தலைக்கு மேல கைய தூக்கித் தூக்கி நாங்க போட்டோம். ஒரு ரப்பர் ஸ்டாம்பை நீங்க கீழ அழுத்த மாட்டீங்களா?"

மேனேஜர் உள்ளே போய்விட்டார். கவரை மேஜைமேல் வைத்தோம். அந்தப் பெண் அதைத் தொடவும் இல்லை, தள்ளவும் இல்லை. படியிறங்கி வந்துவிட்டோம். ஒரு காகிதத்தை வாங்கிக்கொள்ளக்கூட நான் தகுதியில்லாதவள் என்று அவர் நடந்துகொண்டதைத் தாங்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் தபால்காரர் ஒப்புகை அட்டையைக் கொண்டுவந்தார். அதில் அவர்களுடைய கம்பெனி சீல், தேதி, யாரோ ஒருவரின் கிறுக்கல் கையெழுத்து. மேனேஜர் மறுத்ததை, தபால்களை வாங்கி வைக்கும் யாரோ ஒருவர் வழக்கம்போல வாங்கியிருக்கிறார். கெடு முடிய இன்னும் ஆறு நாள் இருந்தது. வக்கீல் அம்மா அந்த அட்டையை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃபைலில் முதல் தாளாகக் கோத்தார்.

இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது. எங்கள் வேலை தரக்குறைவானது, தாமதமானது, நாங்கள்தான் அவர்களுக்குப் பணம் தர வேண்டும் என்று இரண்டு பக்கம். நடுவராக அவர்கள் சொன்ன ஆள் யார் தெரியுமா? அவர்களுடைய எல்லா சைட்டிலும் பில்லுக்குச் சான்றிதழ் கொடுக்கும் கன்சல்டன்ட்! அவர்களிடம் மாதாமாதம் பணம் வாங்குபவர் எனக்கு நியாயம் சொல்வாராம்.

"கோவப்படுங்க, ஆனா எழுத்துல படாதீங்க" என்றார் வக்கீல் அம்மா. நான்கே வரியில் பதில் எழுதினார். இருவரும் சம்மதிக்கும் நடுவர் என்றுதான் நிபந்தனை சொல்கிறது. இவரை ஏற்க எங்களுக்குச் சம்மதம் இல்லை. எங்கள் மூவரில் ஒருவரை ஏற்கவில்லையென்றால் ஹைகோர்ட்டுக்கு மனு தயாராக இருக்கிறது. மனு உண்மையிலேயே தயாராக இருந்தது. பத்து நாளில், எங்கள் பட்டியலில் இருந்த பொதுப்பணித் துறையின் ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவருக்குச் சம்மதம் சொல்லிக் கடிதம் வந்தது. ஏன் இறங்கி வந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மனுவைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கவில்லை.

அமர்வுகள் நடுவரான அந்தப் பெரியவருடைய வீட்டின் முன்னறையில் நடந்தன. அவருடைய ஃபீஸை இரு தரப்பும் பாதிப் பாதி கட்டினோம். என் பாதிக்கு மிச்சமிருந்த ஒரு செயின் போனது. இரண்டாவது அமர்வில் அவர் மேனேஜரிடம் கேட்டார்: "டிஃபெக்ட் இருக்குன்னு சொல்றீங்க. இவங்க நோட்டீஸ் குடுக்கறதுக்கு முன்னாடி அதைப் பத்தி ஒரு லெட்டராவது எழுதினீங்களா?"

"வாயால சொன்னோம் சார்."

"மூணு வருஷமாவா?"

மேனேஜர் தன் ஃபைலைப் புரட்டினார். அதில் எங்கள் அளவுப் புத்தகத்தின் நகல்தான் இருந்தது, அவர்களுடைய இன்ஜினியரின் கையெழுத்தோடு.

நேரில் பார்க்க வேண்டும் என்றார் பெரியவர். எல்லோரும் ஓசூர் ரோட்டுக்குப் போனோம். மூன்றாவது மாடி காலியாகக் கிடந்தது. மேஜைகள் இருந்த இடங்களில் கார்ப்பெட் மட்டும் நிறம் மாறியிருந்தது. அவர் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார். இரண்டு இடத்தில் குடைக் கம்பால் மெல்லத் தட்டினார். ஒரு மூலையில் ஏ.சி. குழாய் ஒழுகிக் கறை படிந்திருந்தது. "இது இவங்க வேலை இல்லையே" என்றார். மூன்று வருஷமாக அந்தச் சீலிங் ஒரு நூல் இறங்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது, ஆத்திரத்தோடு சேர்ந்து.

அடுத்த அமர்வுக்கு முன் சமரசத்துக்கு வந்தார்கள். பில் தொகை முழுதும், முந்தைய பில்களில் உத்தரவாதத்துக்காகப் பிடித்து வைத்திருந்த பணமும், வட்டியில் பாதியும் தருகிறோம், மூன்று தவணை, கடிதம் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள்.

"கடிதம் வேண்டாம்" என்றேன் நான். அதற்குள் நானும் கொஞ்சம் கற்றிருந்தேன். "ஐயா அவரோட தீர்ப்பாவே எழுதிக் குடுக்கட்டும்."

அப்படி எழுதினால்தான், ஒரு தவணை நின்றாலும் கோர்ட் ஆணையைப்போல அதை வைத்தே வசூலிக்க முடியும். பெரியவர் அப்படியே எழுதிக் கையெழுத்திட்டார். பணம் வந்தது. தரக்குறைவு என்று எழுதியதற்கு மட்டும் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கையெழுத்து முடிந்ததும் மேனேஜர், "எலெக்ட்ரானிக் சிட்டியில ஒரு வேலை வருது மேடம், கொட்டேஷன் குடுங்க" என்றார். என்ன தைரியம்! நான் வக்கீல் அம்மாவோடு வெளியே வந்துவிட்டேன்.

பாக்கிக் கூலியை ஒவ்வொருவராகத் தேடிப் போய்க் கொடுத்தேன். ஒருவர் வேலையை விட்டு ஆனேக்கலுக்குப் போயிருந்தார். நான் பணத்தை அமுக்கிக்கொண்டேன் என்று அந்த ஆள் இத்தனை நாளும் நினைத்திருந்ததாக மேஸ்திரி சொன்னார். ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு டீக்கடையில் அந்த ஆளைப் பிடித்தேன். கவரை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எந்தக் கோர்ட்லக்கா கேஸ் போட்டீங்க?"

"கேஸே போடலப்பா. ஒர்க் ஆர்டர்லயே ஒரு வழி இருந்துச்சு. அதை வச்சு நோட்டீஸ் விட்டோம்."

"அந்த ஒர்க் ஆர்டர் முதல்லேருந்து உங்ககிட்டதான இருந்துச்சு?"

"ஆமா."

"அப்ப மூணு வருஷம் ஏன்கா சும்மா இருந்தீங்க?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஓசூரிலிருந்து வந்த பஸ் ஒன்று எங்கள் எதிரில் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. அவருக்கு இன்னொரு டீ சொன்னேன்.