ஒரு ஆளுக்கான அளவு

பள்ளிக்கூடம் நாலரைக்கு விடும். ஆவடி அலுவலகத்திலிருந்து நான் ரயில் பிடித்து, அம்பத்தூரில் இறங்கி, கள்ளிக்குப்பம் வந்து சேர ஏழு மணியாகும். நடுவிலுள்ள இரண்டரை மணி நேரத்தை என் மகள் பின்வீட்டில், கணவரின் அண்ணன் மனைவியான என் ஓர்ப்படியின் சமையலறை வாசலில் கழித்தாள். தட்டில் இரண்டு தோசை விழும். கூடவே பேச்சும் விழும்.

“துன்னு கண்ணு. உங்கம்மா ஆபீஸ்ல ஃபைலத் தாளிச்சுக்கினு இருப்பாங்க. உனுக்கு யாரு கீறாங்க?”

மகள் இதை என்னிடம் பெரியம்மாவின் குரலிலேயே நடித்துக் காட்டினாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து பின்வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டு, ஏழு மணி வரை பட்டினியாக உட்கார்ந்திருந்தாள். எனக்கு அது தெரிய ஒரு வாரம் ஆயிற்று. பதினாலு வயதுப் பெண் வீடு நிறைய அரிசியை வைத்துக்கொண்டு பசியோடு இருந்திருக்கிறாள். அன்று வந்த கோபம் ஓர்ப்படி மேல் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் அவளை அழைத்துச் சொன்னேன்: “நாலே நாலு அயிட்டம். சாதம், ரசம், உப்புமா, முட்டைப் பொரியல். இது கல்யாணத்துக்கு இல்ல. நீ யார் வாசல்லயும் போய் நிக்கக் கூடாது, அதுக்கு.”

“அப்பாவுக்கும் செய்யணுமா?”

“வேணாம். உனக்கு மட்டும்.”

நான் நிர்வாகப் பிரிவில் இருபது வருடம் விதிமுறைகளோடு குடித்தனம் நடத்தியவள். ஒரு ஆள் விடுப்பில் போவதற்கு எத்தனை கையெழுத்து வேண்டுமென்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அதனால் சமையலையும் எழுதித்தான் கொடுத்தேன். சொந்தக் காகிதம், சொந்தக் கார்பன், மூன்று படிகள். ஒன்று அவளுக்கு, ஒன்று சமையலறைக் கதவுக்கு, ஒன்று கோப்புக்கு.

முதல் விதி, அடுப்புக் குமிழைத் திருகும் முன் தீக்குச்சி எரிய வேண்டும். குச்சியைத் தேடிக்கொண்டே திருகுகிறவர்களுக்கு அடுப்பு கிடையாது. அரிசி ஒரு ஆழாக்கு, தண்ணீர் மூன்று. குக்கர் மூடியின் மேல் ஆவி சீராக வந்த பிறகே வெயிட்டைப் போட வேண்டும். மூன்று விசில். அணைத்த பின் ஆவி தானாக அடங்கும்வரை வெயிட்டைத் தொடக் கூடாது. ரசத்துக்குக் கோலிக்குண்டு அளவு புளி, ஒரு தக்காளி. பச்சை வாசனை போகக் கொதித்ததும் பருப்புத் தண்ணீரை விட்டு, நுரை கட்டும்போது இறக்கிவிட வேண்டும். எல்லாமே ஒரு ஆளுக்கான அளவு. வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன்.

முதல் நாள் நான் கூடத்தில் உட்கார்ந்துகொண்டேன். அரை மணி நேரம் கழித்துக் குரல் வந்தது.

“விசிலே வர்லம்மா. தீயற வாசனதான் வருது.”

போய்ப் பார்த்தேன். மூடியைச் சுற்றி நாலா பக்கமும் ஆவி போய்க்கொண்டிருந்தது. மூடிக்குள் இருக்க வேண்டிய ரப்பர் வளையம், கழுவி மாட்டியபடியே சுவர் ஆணியில் தொங்கியது. உள்ளே அரிசி அடிப்பிடித்திருந்தது.

“வளையம் எங்க?”

“அது நீங்க எழுதவே இல்லியே.”

உண்மைதான். இருபது வருட அனுபவம்! மூன்று படிகளிலும் 1(அ) என்று ஒரு திருத்தம் சேர்த்தேன்: மூடும் முன் வளையம் போட்டாயிற்றா என்று பார்க்கவும்.

ஜூனில் பள்ளி திறந்தது. பள்ளி விட்டு வந்து, ரவையை வறுத்து, கொதிக்கிற தண்ணீரில் கட்டி தட்டாமல் தூவிக் கிளறி, ஒரு தட்டு உப்புமா சாப்பிட்டுவிட்டு வாலிபால் பயிற்சிக்குப் போனாள். பள்ளி அணியில் இடம் கிடைத்தது. யாரிடமும் ஒரு சொல் வாங்காமல் சாப்பிடுகிறவளின் நடையே வேறு.

மூன்று வாரம் ஓடியது. என் கணவர் தொழிற்பேட்டையில் லேத் ஆபரேட்டர். முதல் ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கெல்லாம் வீட்டில் பேப்பரோடு படுத்திருப்பார். ஆம், அவள் பசியோடு இருந்த வாரம் முழுவதும் அவர் வீட்டில்தான் இருந்தார். அவர் அடுப்பைப் பற்றவைக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதை இன்றும் எழுதக் கூசுகிறது. கதவில் ஒட்டியிருந்ததை அவர் வேலைப் பட்டியலாகப் படித்தார்.

“கண்ணு, அப்டியே எனுக்கும் ஒரு தட்டு போடு.”

பிறகு அவருடைய அண்ணனுக்கு ஒரு தட்டு. பிறகு அண்ணனின் சினேகிதருக்கு. பயிற்சிக்குப் பத்து நிமிடம் தாமதம், அரை மணி தாமதம் என்று போயிற்று. ஒழுங்காகப் பயிற்சிக்கு வராவிட்டால் சனிக்கிழமை ஆட்டத்தில் வேறு பெண்ணை இறக்குவேன் என்று விளையாட்டு டீச்சர் சொல்லிவிட்டார்.

இவ்வளவும் எனக்குத் தெரியாது என்று தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வியாழக்கிழமை ஏழு மணிக்கு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே நான் கேட்டது இது: “சாதம் வெக்கலையா?”

அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். நான் கொடுத்ததை நானே கேள்வி கேட்டுத் திரும்பப் பிடுங்கியது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓர்ப்படி மேல் வைத்திருந்த கோபம் எல்லாம் அன்று முகவரி மாறி என்னிடமே வந்து சேர்ந்தது.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மூன்று மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். டிவியில் கிரிக்கெட். கணவர், அவர் அண்ணன், சினேகிதர்கள் இரண்டு பேர். சமையலறையில் என் மகள், அணிச் சட்டையோடு, வியர்வையோடு. நாலு மணிக்கு ஆட்டம்.

வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் வெளியே வந்தாள். கையில் ஒரே ஒரு தட்டு. சாதம், ரசம், முட்டைப் பொரியல். நாலு பேர் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

“இன்னாம்மா, எங்களுக்கு?” என்றார் பெரியப்பா.

“அம்மா ஒரு ஆளுக்குத்தான் பெரியப்பா சொல்லிக் குடுத்தாங்க. அளவு கதவுல கீது. நீங்க நாலு பேரு, நாலால பெருக்கிக்கோங்க.”

“பாத்தியா நைனா, உன் பொண்ணு வாய!” என்றார் அவர், தன் தம்பியிடம்.

“வாய் என்னுது” என்றேன் நான். “சாப்பாடு அவளுது.”

அவள் தட்டையும் குக்கரையும் கழுவிக் கவிழ்த்தாள், வளையத்தை ஆணியில் மாட்டினாள். கேஸ் ரெகுலேட்டரை மூடினாள், விதிப்படி. ஷூவை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டாள்.

நான் பீரோவைத் திறந்து கோப்புப் படியை எடுத்து வந்து கணவர் மடியில் வைத்தேன்.

“இன்னா இது?”

“படிங்க. பசிக்குதில்ல.”

நாலு பேர் முன்னால் மறுக்க முடியாமல் எழுந்து போனார். ரெகுலேட்டரைத் திறந்து, குமிழைத் திருகிவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினார். “முதல் விதி!” என்று நான் போட்ட கத்தலில் டிவி சத்தம் குறைந்தது. குமிழை மூடி, ஜன்னலைத் திறந்து, வாசனை போன பிறகு குச்சியைக் கிழித்தார். தலைமுடி அளவு வித்தியாசத்தைக் கண்ணால் பிடிக்கிற லேத்காரர், நாலு ஆழாக்கு அரிசியைப் போட்டுக் குக்கரை மூடினார். வளையம் தொங்கிய ஆணி அவர் மூக்குக்கு நேராக இருந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மைதானத்தில் இரண்டாவது செட் நடந்துகொண்டிருந்தது. இடைவேளையில் தண்ணீர் குடிக்க வந்தவள் என்னைப் பார்த்தாள். வியாழக்கிழமைக்கு மன்னிப்பு கேட்கலாமென்று வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“அங்க யாரு சாதம் வெக்கிறா?”

“உங்கப்பா.”

“விசில் வந்துச்சா?”

“வராது” என்றேன்.