ஸ்டேட் என்றால் அரசாங்கம்தானே

அந்த விண்ணப்பத்தை நான் நிரப்பியது மத்தியானத்தில், சோறு ஆறிக்கொண்டிருக்கும்போது. என் மடியில் லப்டொப், ஏணையில் மகள், ஏணையை ஆட்டியபடி அப்பா. விடியலிலேயே வயல் வேலைக்குப் போய்விட்டு வந்த களைப்பு அவர் முகத்தில் இருந்தது. ஆனாலும் பேத்தியை ஆட்டும் கை மட்டும் நிற்காது.

மகள் பிறக்கும்வரை நான் மன்னார் டவுனில் ஒரு ரியூசன் சென்ரரில் பதினோராம் ஆண்டு ஓ.எல் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தேன். எங்கள் ஊர் வெள்ளாங்குளத்துக்கு அங்கால். போக ஒரு பஸ், வர ஒரு பஸ், வரும் பஸ் வந்தால் வரும். பிள்ளை பிறந்து மூன்று மாதத்தில் திரும்ப வாறன் என்று சொல்லப் போனபோது, என் வகுப்பை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டோம், கைப்பிள்ளையோடு உங்களுக்கும் கஷ்டம்தானே என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார். என் கஷ்டத்தை அவருக்கு யார் அளந்து கொடுத்தார்களோ தெரியாது. அரசாங்க நியமனத்துக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்து காத்திருந்து எனக்கு அலுத்துவிட்டது. கடைசியில் கணவரின் சிநேகிதர் ஒருவர் தன் மருந்துக்கடையில் நிற்க ஆள் தேடினார். வாற மாதம் முதலாம் திகதி வரலாம் என்று நானும் தலையாட்டி வைத்திருந்தேன். கணிதப் பட்டத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு பனடோல் எண்ணிக் கொடுப்பதுதான் இனி என் சீவியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் சென்னையில் இருந்து நடத்தும் இணையவழிக் கற்பித்தல் தளம் ஒன்று தமிழில் கணிதம் படிப்பிக்க ஆசிரியர்களைத் தேடுகிறது என்று கண்டேன். வீட்டில் இருந்தே படிப்பிக்கலாம். அவர்களின் நேரமும் எங்களின் நேரமும் ஒன்றுதான், மணிக்கூட்டைத் திருப்ப வேண்டியதில்லை. இதை விட்டால் வேறு வழியில்லை என்று அன்றைக்கே பதிந்தேன்.

பெயர், படம், பட்டச் சான்றிதழ் எல்லாம் ஏற்றியாயிற்று. பாடம் என்ற இடத்தில் கணிதம். வகுப்பு ஆறில் இருந்து பதினொன்று. மொழி தமிழ். அடுத்தது, எந்த போர்டின் பாடத்திட்டம் என்று ஒரு பட்டியல் விரிந்தது. சி.பி.எஸ்.இ, ஐ.சி.எஸ்.இ, கேம்பிரிட்ஜ், ஸ்டேட் போர்ட். இலங்கை என்று எங்கும் இல்லை. ஆனால் ஸ்டேட் என்றால் அரசாங்கம்தானே? எங்கள் நாட்டில் ஸ்டேட் மினிஸ்டர் என்றால் இராஜாங்க அமைச்சர். அப்படியென்றால் ஸ்டேட் போர்ட் என்பது அரசாங்கப் பாடத்திட்டம், நான் படித்ததும் படிப்பித்ததும் அதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு அதற்குச் சரி போட்டேன். சத்தம் போட்டு வாசித்துத்தான் போட்டேன்.

அப்பா ஏணையை நிறுத்தினார்.

“என்னாம்மா, எஸ்டேட் போர்டா? தோட்டத்துப் புள்ளைகளுக்கா படிச்சுக் குடுக்கப்போற?”

அப்பா மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில் கலவரத்தில் அடிபட்டு, பெற்றோரோடு இந்தப் பக்கம் வந்து குடியேறியவர். இத்தனை வருசம் இங்கே இருந்தும் அவருக்கு ‘ஓம்’ வராது, ‘ஆமா’தான் வரும். நான் வடக்கிலே பிறந்து வடக்கிலே படித்ததால் எனக்கு ‘ஓம்’. எஸ்டேட் இல்லையப்பா, ஸ்டேட், அரசாங்கம் என்று விளங்கப்படுத்தினேன். அவருக்கு ஏமாற்றம்தான்.

கடைசிப் பகுதி, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் என்பது. ஏழு நாளும் கட்டம் கட்டமாக இருந்தது. வரக்கூடிய நேரங்களை அழுத்தினால் பச்சையாகும். பதினைந்து மணித்தியாலத்துக்குக் குறைந்தால் விண்ணப்பம் நகராது. மகள் நித்திரை கொள்ளும் நேரத்தை மட்டும் பார்த்து அழுத்தினேன், பாதி கூட வரவில்லை. அழுகை வரும்போல இருந்தது. பின்னேரம் முழுக்கப் புள்ளைய நான் பாத்துக்கிறேன், நீ அமுத்து என்றார் அப்பா. திங்களில் இருந்து வெள்ளி வரை மூன்றில் இருந்து ஆறு மணி வரை முழுக்கப் பச்சையாக்கினேன். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

இரண்டு நாளில் மாதிரி வகுப்புக்கு அழைப்பு வந்தது. ஒன்பதாம் வகுப்பு, ஸ்டேட் போர்ட், தலைப்பு ‘கண மொழி’. பத்து நிமிடம் படிப்பித்துக் காட்ட வேண்டும். கண மொழியா? அது என்ன மொழி? கணம் என்றால் எனக்குத் தெரிந்தது கண நேரம், மிஞ்சினால் பூதகணம். அவர்கள் அனுப்பிய பக்கத்தைத் திறந்து பார்த்தால் இரண்டு வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடந்தன. அட, இது தொடை! எங்கள் புத்தகத்தில் தொடைகள் என்று எத்தனை வருசம் படிப்பித்த பாடம். பெயர்தான் வேறு, சங்கதி ஒன்றுதான் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

மாதிரி வகுப்பில் இரண்டு பேர் திரையில் வந்தார்கள். ஒருவர் கணிதப் பிரிவின் பொறுப்பாளர், ஐம்பது வயதிருக்கும் அம்மா. மற்றவர் மாணவியாக நடிக்கும் இளம்பெண். நான் கணம், கணம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே தொடங்கினேன். முதல் இரண்டு நிமிடம் நன்றாகத்தான் போனது. பிறகு பாடம் சூடுபிடித்தது, நாக்கு பழைய வழிக்குத் திரும்பிவிட்டது. காலையில் இடியப்பம் சாப்பிட்ட பிள்ளைகள் ஒரு தொடை, புட்டுச் சாப்பிட்ட பிள்ளைகள் ஒரு தொடை, இரண்டையும் சாப்பிட்டவர்கள் எங்கே வருவார்கள் என்று கேட்டுவிட்டு, “இப்ப ரெண்டு தொடையும் இடைவெட்டுற இடத்தைப் பாருங்கோ” என்றேன்.

மாணவியாக இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு திரையை விட்டுக் குனிந்தது. குலுங்கும் தோள் மட்டும் தெரிந்தது. பொறுப்பாளர் அம்மா சிரிப்பை அடக்கி, மேடம் என்ன சொல்றீங்க என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொடை! என்ர கடவுளே. இத்தனை வருசம் அந்தச் சொல்லை நூறு பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லியிருக்கிறேன், ஒரு பிள்ளை சிரித்ததில்லை, எனக்கும் காலின் ஞாபகம் வந்ததில்லை. மிச்ச நேரத்தை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது.

அடுத்த நாள் முடிவு வந்தது. தெரிவு செய்யப்படவில்லை. காரணம், குறிப்பிட்ட போர்டின் பாடத்திட்டத்தில் பரிச்சயம் போதாது. ஸ்டேட் போர்ட் என்றால் தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டம் என்று அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

முதலில் வெட்கம் வந்தது. பிறகு விசர் வந்தது. பரிச்சயம் போதாதாம்! கணவர் பாவம், போகட்டும் விடும், மருந்துக்கடை இருக்குத்தானே என்று ஆறுதல் சொல்லப் பார்த்தார். அதோடு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சும்மா விடுவேனா? இருந்த இருப்பில் பதில் எழுதினேன். பிழை என்னுடையது, ஸ்டேட் என்பதை அரசாங்கம் என்று எடுத்துவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் பட்டியலிலும் பிழை இருக்கிறது. தமிழில் கணிதம் படிக்கிற ஒரு நாடு முழுக்க அதில் இல்லை. நீங்கள் கணம் என்பது எங்களுக்குத் தொடை, நீங்கள் வடிவியல் என்பது கேத்திரகணிதம், நீங்கள் இயற்கணிதம் என்பது அட்சரகணிதம். எங்கள் பிள்ளை இந்தச் சொற்களில்தான் பரீட்சை எழுதுகிறது. உங்களுக்குச் சிரிப்பு வந்தது, அதற்கு நான் என்ன செய்ய? அந்தச் சொல்லில்தான் எங்கள் பிள்ளைகள் கணிதத்தில் சித்தியடைகிறார்கள். இப்படியே எழுதி, ஒருமுறைகூடத் திருப்பி வாசிக்காமல் அனுப்பினேன்.

அனுப்பிய பிறகு பயம் பிடித்தது. முதலாம் திகதியும் நெருங்கிக்கொண்டிருந்தது. மருந்துக்கடைக்குக் கட்டிக்கொண்டு போக சேலை இரண்டைக்கூட எடுத்து மடித்து வைத்துவிட்டேன்.

அந்தக் கிழமைக்குள் பொறுப்பாளர் அம்மாவே அழைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“மேடம், உங்க லெட்டரை எங்க மீட்டிங்ல படிச்சேன். இலங்கையில ஓ.எல் கணக்கு தமிழ்ல எடுக்க ஆள் வேணும்னு ரெண்டு மாசமா ஒரு சங்கம் எங்களைக் கேட்டுட்டே இருக்கு. அது எந்த போர்டுன்னே எங்களுக்குத் தெரியல. அதை நீங்க எடுப்பீங்களா?”

நான் எடுப்பேனா? ஓம் என்று சொன்ன சத்தத்தில் மகள் எழும்பிவிட்டாள். ஒரு வேலை தந்தார். எங்கள் பத்தாம், பதினோராம் ஆண்டுப் பாட அலகுகளையும், ஒவ்வொன்றுக்கும் அவர்களின் தலைப்பில் எது நிகர் என்பதையும் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பினேன். பிறகு இரண்டாவது மாதிரி வகுப்பு. “அதே தலைப்பு, உங்க வார்த்தையிலேயே எடுங்க” என்றார். எடுத்தேன். தொடை, மூலகம், இடைவெட்டு, ஒன்றிப்பு, ஒன்றையும் விழுங்காமல் எடுத்தேன். மாணவியாக இருந்த பெண் இந்த முறை சிரிக்கவில்லை, குறிப்பெழுதியது. பத்து நிமிடம் முடிந்தும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று கடிதம் வந்த அன்று அந்தத் தளத்தில் என் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். போர்ட் பட்டியலில் ஸ்டேட் போர்டுக்குக் கீழே புதிதாக ஒரு வரி. இலங்கைத் தேசியப் பாடத்திட்டம், தமிழ் மொழிமூலம். அதற்கு நேரே ஆசிரியர் ஒருவர், நான். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் உடனேயே போனை எடுத்து மருந்துக்கடைச் சிநேகிதரிடம், மனிசி வரமாட்டா, அவவுக்கு வேலை கிடைச்சிட்டுது என்றார். அந்த வசனத்தை அவர் எத்தனை பேருக்குச் சொல்லியும் எனக்கு அலுக்கவில்லை. மடித்து வைத்த சேலையில் ஒன்றை முதல் வகுப்புக்கே கட்டிக்கொண்டேன்.

முதல் வகுப்பு ஒரு திங்கட்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்கு. திரை திறந்தது. ஒரு பள்ளிக்கூட அறை, வாங்குகளில் நெருங்கியடித்துக்கொண்டு பிள்ளைகள், எல்லாருக்கும் சுவெட்டர். யன்னலுக்கு வெளியே பச்சையாக ஒரு சரிவு, பனிப்புகார் மூடிக்கொண்டு வந்தது. இங்கே எங்கள் முற்றத்தில் வெயில் கொதித்துக்கொண்டிருந்தது.

எந்த இடம் என்று கேட்டேன். முன் வாங்கில் இருந்த பிள்ளை தங்கள் தேயிலைத் தோட்டத்தின் பெயரைச் சொன்னது. வெளிநாட்டுக்குப் போன தங்கள் தோட்டத்து ஆட்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்களாம், அவர்கள்தான் இந்த வகுப்பை ஒழுங்கு செய்தார்களாம். தங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு டீச்சர் இல்லையாம்.

எனக்குப் பின்னால் ஏணை ஆடும் சத்தம் நின்றது. அப்பா மகளைத் தூக்கித் தோளில் போட்டபடி வந்து, கமராவில் விழாத தூரத்தில் நின்று அந்த யன்னலையே பார்த்தார். அது அவர் பிறந்த தோட்டத்துக்கு அடுத்த மலை. கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

“நான் அன்னிக்கே சொன்னேன்ல, எஸ்டேட் போர்டுன்னு.”

“ஓமப்பா, நீங்கள் சொன்னதுதான் சரி” என்று சொல்லிவிட்டு, திரையில் முதல் வட்டத்தைக் கீறினேன்.