அண்ணாச்சிக்கு ஆறு இளநீர்

டாக்டருக்குப் படித்து முடித்த முதல் வருடத்திலேயே ஒரு மனிதரை இளநீர் கொடுத்துக் கொல்லப் பார்த்தவன் நான். அதையும் சிரித்த முகத்தோடு, உபசாரம் செய்து செய்து.

எழுபதுகளின் நடுவில் தியாகராய நகரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் எனக்கு வேலை. பெரிய டாக்டர் ஓர் அம்மாள். அதிகம் பேச மாட்டார். அவர் பங்கையும் சேர்த்து நானே பேசிவிடுவேன். ஐந்தாம் நம்பர் கட்டிலில் ஜவுளிக்கடை அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இதயம் பலவீனமாகி, கால் இரண்டும் தூண் போல வீங்கி வந்து சேர்ந்திருந்தார்.

நீர் பிரிய ஊசி போட்டோம். அந்த ஊசி உப்பையும் நீரையும் இறக்கும்போது பொட்டாசியத்தையும் அடித்துக்கொண்டு போய்விடும். அது குறைந்தாலும் இதயத்துக்கு ஆபத்து. ஆகவே ஊசிக்காரர்களுக்கெல்லாம் பொட்டாசியம் சிரப்பும் இளநீரும் கொடுப்பது எங்கள் வழக்கம். சிரப் குமட்டும், இளநீர் இனிக்கும். நான் இளநீரின் பிரசாரகன் ஆனேன். பார்க்க வந்த உறவெல்லாம் பூவையும் பழத்தையும் விட்டுவிட்டு இளநீரோடு வந்தது. வாசலில் இளநீர் வெட்டுகிறவர் என்னைக் கண்டாலே, "நீ நல்லா இருக்கணும் நைனா" என்பார்.

அப்படியும் வீக்கம் முழுசாக வடியவில்லை. "ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சேர்த்துடு. மத்ததைப் பார்த்துக்கோ" என்றார் பெரிய டாக்டர். மற்றதை விட்டுவிட்டு நான் அண்ணாச்சிக்குப் பாடம் எடுக்க உட்கார்ந்தேன்.

"இதயம் சரியா இறைக்காததால சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைச்சலாப் போகுது அண்ணாச்சி. உடம்பே வத்திப்போச்சுன்னு அது தப்பா நினைச்சுக்குது. அதனால ஆல்டோஸ்டிரோன்னு ஒரு ஹார்மோன் நிறையச் சுரக்குது. அது சிறுநீரகக் குழாயோட செல்லுக்குள்ள போய், தனக்குன்னு இருக்கற இடத்துல உக்காந்து உத்தரவு போடும். உப்பை உள்ளே இழு, பொட்டாசியத்தை வெளியே தள்ளுன்னு. உப்பு பின்னாடியே தண்ணியும் வந்துடும். இந்த மாத்திரை முந்திப் போய் அந்த இடத்துல உக்காந்துக்கும். ஆனா உத்தரவு எதுவும் போடாது."

"என் மச்சான் மாதிரின்னு சொல்லுங்க" என்றார் அண்ணாச்சி. "கல்லாவுல என் நாற்காலியில ஏறி உக்காந்துக்கிடுவான். ஒரு வேலை சொல்ல மாட்டான். என்னையும் உக்கார விட மாட்டான்."

"அதேதான்."

"சரி, அப்பம் வெளியே தள்ளுத சரக்கு? தள்ளச் சொல்ல ஆளில்லேன்னா அது கடையிலேயே தங்கிருமே, டாக்டர் தம்பி?"

என் பேராசிரியர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் என்ன செய்தேன் தெரியுமா? "அண்ணாச்சி, நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கலாம்" என்று முதுகில் தட்டிவிட்டு, அவருக்கு இன்னோர் இளநீர் வெட்டச் சொன்னேன்.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஹார்மோன் ஏற்கெனவே செய்துவைத்த ஏற்பாடுகள் செல்லுக்குள் ஓய வேண்டுமல்லவா? மூன்றாம் நாள் நீர் கொட்டியது. அண்ணாச்சியின் கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்தது. நான் வராந்தாவில் விசிலடித்துக்கொண்டு நடந்தேன்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு அண்ணாச்சி, "தம்பி, காலு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு" என்றார். நாடி நாற்பது. ஈ.சி.ஜி. எடுத்தேன். காகிதத்தில் அலைகள் சர்க்கஸ் கூடாரம் போலக் கூராக நிமிர்ந்து நின்றன. ரத்தத்தில் பொட்டாசியம் எல்லை மீறினால் இப்படித்தான் நிற்கும். கட்டிலுக்கடியில் முந்தின நாள் குடித்த ஆறு இளநீர்க் கூடுகள். சிரப் பாட்டில் பாதிக்கு மேல் காலி. வழியை மாத்திரையால் அடைத்துவிட்டு, இந்தப் பக்கம் வாளி வாளியாக ஊற்றியிருக்கிறேன். ரத்தம் போதாத அந்தச் சிறுநீரகம் பாவம், என்ன செய்யும்? எந்த நிமிடமும் இதயம் நின்றுபோகலாம்.

பெரிய டாக்டர் வந்தார். ஈ.சி.ஜி.யைப் பார்த்தார், கூடுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். கால்சியத்தை நரம்பில் மெதுவாக ஏற்றச் சொன்னார். அது பொட்டாசியத்தைக் குறைக்காது. இதயத்துக்குக் கொஞ்ச நேரம் குடை பிடிக்கும், அவ்வளவுதான். பிறகு குளுக்கோஸோடு இன்சுலின், ரத்தத்தில் இருக்கும் பொட்டாசியத்தைச் சில மணி நேரத்துக்காவது செல்களுக்குள் விரட்ட. ஊசியைத் தள்ளிக்கொண்டே நான் நாடியை மறுபடி மறுபடி பிடித்துப் பார்ப்பதைக் கண்டு அண்ணாச்சி, "பயப்படாதீங்க தம்பி, நான் இருக்கேன்லா" என்றார்.

கூடாரங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. மாலையில் நாடி எழுபது. கால் பேச்சைக் கேட்டது. அண்ணாச்சி இட்லி கேட்டார். எனக்கோ கால் தரையில் பாவவில்லை; நர்ஸுக்கும் வணக்கம், வாசல்படிக்கும் வணக்கம். அதே வேகத்தில் பெரிய டாக்டர் அறைக்குள் போய் நின்றேன்.

"மேடம், மாத்திரை, சிரப், இளநீர் மூணையும் நிறுத்திட்டேன். நான் வீட்டுக்குக் கிளம்பலாமா?"

அவர் நிமிரவில்லை.

"மாத்திரையோட வேலை அடங்க மூணு நாளாகும், அதுக்கப்புறம் போ."