மூடியைக் கழற்றியவர்

சித்தூரில் எங்கள் தெருவில் மனு எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ரேஷன் கார்டு, குழாய்த் தண்ணீர், விதவைப் பென்ஷன், எது வந்தாலும் என் வாசலில்தான் நிற்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் திமிர்கூட இருந்தது. நான் எழுதிய மனு திரும்பி வந்ததில்லை என்று என் மனைவியிடம் அளப்பேன். அந்தத் திமிர் எப்போது இறங்கியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எழுபதுகளின் கடைசியில் ஒரு மாம்பழ சீசனில்.

அப்போது நான் பாகாலா போகிற சாலையில் இருந்த ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் டைப்பிஸ்டு. அந்த வேலையை வாங்கித் தந்தவர் என் மனைவியின் அண்ணன். ஆலையில் அவர்தான் மேஸ்திரி. நாங்கள் குடியிருந்ததும் அவர் வீட்டின் பின்கட்டில். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் அவர் பக்கத்தில்தான் எனக்கு இடம். சோறு, கூரை, ஜெபம் மூன்றும் ஒரே ஆள் தயவில் நடந்தால் ஒரு மனிதன் எப்படி இருப்பான்? நான் அப்படித்தான் இருந்தேன். அவர் சிரித்தால் சிரித்தேன்.

சீசனில் ஆலை இரவும் பகலும் ஓடும். பழத்தைக் கூழாக்கும் மெஷினின் பக்கவாட்டில் ஒரு சங்கிலி சுற்றும். அதன்மேல் தகட்டு மூடி ஒன்றை நட்டு போட்டு முடுக்கியிருப்பார்கள். நாரும் தோலும் போய்ச் சிக்கிக்கொண்டால் மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி மாட்ட வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் பிடிக்கும். ஒருநாள் காலையில் எடைச்சீட்டு வாங்க உள்ளே போனபோது மச்சான் ஸ்பேனரோடு குந்தியிருந்தார். மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"தெனம் பத்து வாட்டி இத்த கழட்டி மாட்டிக்கினு இருந்தா லோடு எப்ப முடியறது மாப்ள? சீசன் முடியட்டும், மாட்டிக்கலாம்."

நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் அந்த மெஷினடியில் தோல் வாரிக்கொண்டிருந்த பெண்ணின் வலது கை சங்கிலியில் மாட்டிக்கொண்டது. இரண்டு விரல்கள் போய்விட்டன. பாலசமுத்திரத்துப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் தெருக்கோடியில் குடியிருந்தவள் அவள். புருஷன் இல்லை. அவள் நைனா என்று கூப்பிடுகிற அப்பா மட்டும் கூட இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் கைக்கட்டோடு என் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அண்ணா, எனுக்கு ஒரு மனு எழுதிக் குடு. திருப்பதி பேக்டரி இன்ஸ்பெக்டருக்கு அனுப்பணும். வேலைக்கு வராதன்றாங்க. மேஸ்திரி மூடிய கழட்டி வச்சிட்டாரு. நான் குனிஞ்சி தோலு வாரிக்கினு இருந்தேன். மெசினு நின்னுக்கினுதான் இருந்துது. யாரோ சுச்சி போட்டுட்டாங்க. யாருன்னு நான் பாக்கல, முதுவு அந்தப்பக்கம் இருந்துது."

இதைவிடத் தெளிவாக ஒரு புகாரை எந்த வக்கீலும் சொல்ல முடியாது. பார்த்ததைப் பார்த்தேன் என்றாள், பார்க்காததைப் பார்க்கவில்லை என்றாள். எழுத வேண்டியது மட்டும்தான் என் வேலை.

முன்கட்டில் மச்சானின் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு சுவர்தான்.

நான் தெலுங்கில் எழுதினேன். ஆபீசுக்குப் போகிற காகிதம் அந்தப் பாஷையில்தான் போக வேண்டும். தமிழில் சொன்னால் அது இப்படி இருந்தது: 'மூடி கழற்றப்பட்டிருந்தது. நின்றிருந்த இயந்திரம் திடீரென இயக்கப்பட்டது. என் விரல்கள் துண்டிக்கப்பட்டன.' வீட்டில் யாராவது 'சோறு ஆக்கப்பட்டது' என்று சொல்வார்களா? ஆனால் பேனாவைப் பிடித்தால் எனக்கு அந்த நடைதான் வரும். அன்றைக்கு அது பழக்கத்தால் மட்டும் வரவில்லை. முதல் வாக்கியத்தில் மேஸ்திரி என்ற சொல்லை எழுதப் போன என் கை நின்றது. 'பட்டிருந்தது' என்று போட்டதும் வழி கிடைத்துவிட்டது. பொய்யும் சொல்லவில்லை, மச்சானையும் இழுக்கவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மனுவை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கைநாட்டு வாங்குவது என் வழக்கம். கணீரென்று வாசித்தேன். சந்தையில் பேசுகிற தெலுங்குதான் அவளுக்குத் தெரியும். அந்த ஆபீசுத் தெலுங்கைக் கேட்டுக் கோயிலில் மந்திரம் கேட்பதுபோலப் பயபக்தியோடு தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அவளுடைய நல்ல கையைப் பிடித்து மையில் அழுத்தினேன்.

பத்து நாள் கழித்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். இன்ஸ்பெக்டரிடமிருந்து மனுவின் நகல் வந்திருந்தது. அவர் முகத்தில் கோபம் இல்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு பதிலைச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

'தொழிலாளர்களுக்குத் தக்க எச்சரிக்கைகள் வழங்கப்பட்டிருந்தன. இயந்திரம் முறையாகப் பராமரிக்கப்பட்டு வந்தது. மூடி கழற்றப்பட்டிருந்ததை மனுதாரரே ஒப்புக்கொள்கிறார். வேறு எவரும் கழற்றியதாக அவர் கூறவில்லை. அந்த இடத்தில் வேலை செய்தவர் அவர் ஒருவரே. ஆகவே மூடியை அவரே கழற்றினார்.'

கடைசி வாக்கியத்தில் என் விரல் தடுக்கியது. அதுவரை ஆளே இல்லாமல் எல்லாம் தானாக நடந்துகொண்டிருந்த காகிதத்தில் கடைசியாக ஓர் ஆள் வந்து நின்றாள். நான் காலியாக விட்ட இடத்தில் அவளைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார் மேனேஜர். பாதுகாப்பு மூடியை வேண்டுமென்று கழற்றியவளுக்கு நஷ்டஈடும் கிடையாது, வேலையும் கிடையாது. அது சட்டம். எனக்கும் தெரியும்.

அந்த வாரம் மச்சானிடம் பேசிப் பார்த்தேன். "நான்தான்னு எங்கனா எழுதியிருக்குதா? இல்லல்ல? அப்பறம் இன்னா உனுக்கு?" என்று முதுகில் தட்டினார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாவ அறிக்கை சொன்னோம். செய்தோம், செய்யாமல் விட்டோம் என்று அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று உரக்கச் சொன்னோம். பாவங்கள் செய்யப்பட்டன என்று அங்கே சொல்ல முடியாது. நான் பாதியில் நிறுத்திவிட்டேன். மச்சான் குரல் நன்றாகத்தான் வந்தது.

விசாரணைக்கு மேனேஜர் கோப்பு தூக்க என்னையும் அழைத்துக்கொண்டு திருப்பதிக்குப் போனார். பாகாலா ஜங்ஷனில் வண்டி நின்றபோது இறங்கி ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. எங்கே ஓடுவது? மடியில் அவர் கோப்பு இருந்தது.

இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர், அவசரப்படாதவர். எதிரில் அவளும் நைனாவும் நின்றார்கள். மேனேஜர் பக்கத்தில் நான். இன்ஸ்பெக்டர் மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மூத எவரு தீசாரம்மா?" என்றார். மூடியை யார் கழற்றியது?

"மேஸ்திரி சாரு."

"இதுல அப்படி இல்லியேம்மா." அவர் தமிழுக்கு மாறினார். "கழட்டப்பட்டு இருந்துதுன்னு இருக்குது. யாரோ சுச்சி போட்டாங்கன்னா, பாக்கல, சரி. ஆனா மூடிய கழட்டுனவங்கள தெரியும்ன்ற. தெரிஞ்சவங்க பேர ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொன்னேன் சாரு."

"யார்கிட்ட? ஈ அர்ஜி எவரு ராசாரு? யாரு எழுதிக் குடுத்தது இத?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. மேனேஜரின் செருப்பைப் பார்த்தாள். நான் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும், யார் வீட்டில் குடியிருக்கிறேன் என்பதும் தெரியும்.

"யாரோ எழுதிக் குடுத்தாங்க சாரு. ஆளு ஞாபகம் இல்ல."

மேனேஜர் மெல்லச் சிரித்தார். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். எழுதியவனையே தெரியாதவள், கழற்றியவனை மட்டும் இப்போது சொல்கிறாள். அவர் எழுதப் போவது எனக்குத் தெரிந்துவிட்டது. நான் மச்சானை மறைத்த மாதிரியே அவள் என்னை மறைத்தாள். நான் மறைத்ததில் எனக்கு வீடு மிஞ்சியது. அவள் மறைத்ததில் அவளுக்கு எதுவும் மிஞ்சாது. அந்த அறையில் ஒரே கதவு. அதன் குறுக்கே மேனேஜரின் நாற்காலி.

"நான் எழுதினேன் சார்" என்றேன்.

மேனேஜர் திரும்பினார். நான் அவரைப் பார்க்காமல் பேசினேன், பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பேன். "அந்தம்மா மேஸ்திரின்னு சொன்னாங்க. நான் அத எழுதல. மேஸ்திரி என் சம்சாரத்தோட அண்ணன்."

இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "சொன்னா போதாது. எழுதுங்க. நீங்க பாத்தத மட்டும் எழுதுங்க."

எழுதினேன். இத்தனை சின்ன வாக்கியங்களை நான் வாழ்நாளில் எழுதியதில்லை. 'மேஸ்திரி மூடியைக் கழற்றினார். சுவரில் சாய்த்தார். நான் பார்த்தேன். மறுநாள் மெஷின் ஓட்டப்பட்டது, ஓட்டியவர் யாரென்று நானும் பார்க்கவில்லை, மனுதாரரும் பார்க்கவில்லை. மேஸ்திரி கழற்றியதை மனுதாரர் என்னிடம் சொன்னார். மனுவில் நான் அதை விட்டுவிட்டேன்.' ஓட்டியவரைப் பற்றிய இடத்தில் மட்டும் பழைய நடையை வைத்தேன். தெரியாத ஆளுக்கு நான் வேறு எப்படி எழுத முடியும்? அதை அவளுக்குத் தமிழில், அவள் பேசுகிற தமிழில், வாசித்துக் காட்டினேன். இந்தத் தடவை அவள் தலையாட்டவில்லை. "அதான், அதான் நான் சொன்னது" என்றாள்.

விசாரணை அவள் பக்கம் முடிந்தது. அடுத்த சீசனில் லேபிள் ஒட்டுகிற இடத்தில் அவளுக்கு வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டேன் என்றுதான் சொல்ல முடியும், நான் அப்போது அங்கே இல்லை. 'தாங்கள் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டுள்ளீர்கள்' என்ற கடிதம் எனக்கு வந்துவிட்டது. எனக்குப் பிறகு வந்த டைப்பிஸ்டு அடித்தது, மார்ஜின் கோணலாக இருந்தது.

அதே வாரம் பின்கட்டைக் காலி செய்யச் சொன்னார் மச்சான். என்னிடம் சொல்லவில்லை, தங்கையிடம் சொன்னார். அவள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே அழுதாள். எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. பிறந்த வீடு அது அவளுக்கு.

"எங்கண்ணன் நம்மள வெளிய அனுப்பிட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லுவாங்க" என்றாள். "நீ சொல்லு. யாரு பண்ணது இது? அவுரா?"

அவர்தான் என்று சொல்லியிருக்கலாம். அதிலும் பாதி உண்மை இருந்தது. வாய்வரை வந்தது.

"நான் பண்ணேன்" என்றேன்.

அவள் சாக்கின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, "இறுக்கிப் புடி" என்றாள்.