நோட்டில் மட்டும் சேர்த்த இணைப்பு

ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு என் கைப்பேசி ஒரு கேள்வி கேட்கும்: ‘இந்த வாரக் குறிப்புகளைப் பழையவற்றோடு இணைத்தாயா?’ நானே எழுதி, வாராவாரம் வரும்படி நானே வைத்த கேள்வி. என்னிடம் இப்படி அதட்டிப் பேச வேறு யாருக்கும் துணிச்சல் கிடையாது.

நான் கோழி டாக்டர். நாமக்கல்லைச் சுற்றி முட்டைக்கோழிப் பண்ணைகள்தான் என் பிழைப்பு. எந்தப் பண்ணைக்குப் போய் வந்தாலும் கண்டதையும் கேட்டதையும் கைப்பேசி நோட்டில் ஒரு குறிப்பாக எழுதிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அந்த வாரக் குறிப்பு ஒவ்வொன்றையும் படித்து, இதே மாதிரி முன்பு எதையாவது பார்த்திருக்கிறேனா என்று தேடி, பழைய குறிப்பின் தலைப்பைப் புதியதற்குள் இணைப்பாகச் சேர்க்க வேண்டும். சேர்த்தவுடன் பழைய குறிப்பின் அடியிலும் புதியது தானாக வந்து நிற்கும். இப்படிச் செய்து வந்தால் நாம் மறந்ததை நோட்டு மறக்காது. இதைப் பற்றிப் பண்ணைக்காரர்களின் மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

செய்தேனா என்றால் இல்லை. கிரிக்கெட் பார்த்துக்கொண்டே ‘முடிந்தது’ என்பதை அழுத்திவிடுவேன். கைப்பேசியும் நம்பிக்கொண்டு அடுத்த ஞாயிறு வரை வாயை மூடிக்கொள்ளும். ஒரு சமயம் இப்படியே ஆறேழு வாரம் ஓடியிருக்கும்.

அப்போதுதான் திருச்செங்கோடு பக்கம் ஒரு பண்ணைக்காரர் கூப்பிட்டார். முட்டை ஓடு மெலிந்து, தட்டில் அடுக்கும்போதே உடைகிறதாம். போய்ப் பார்த்தேன். எச்சம் தண்ணீராக இருந்தது. கோழிகளிடம் நோய் எதுவும் தெரியவில்லை. ஓடு மெலிந்தால் முதலில் சுண்ணாம்புச் சத்தைத்தான் நினைப்போம்; அதற்காகத் தீவனத்தில் கிளிஞ்சல் தூள் கலப்பார்கள். கலப்பவர் யார் என்று கேட்டேன். ஐம்பது வயதிருக்கும் ஒருவர், தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். பதினோரு வருடமாகப் பண்ணையிலேயே குடியிருந்து தீவனம் கலக்குகிறவர். மனைவி முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“கிளிஞ்சல் சரியாப் போடறியா?” என்றேன். என்னைவிட மூத்தவரை ஒருமையில் கேட்டேன். பண்ணைகளில் எனக்கு அது பழக்கம்.

“அளவு கொறையாமப் போடறேனுங்க சார். இது தண்ணியா இருக்கும்னு தோணுதுங்க. பழைய கெணறு வத்திப்போயி புது போர் தண்ணி உட்ட பொறவுதான் இப்படி ஆகுதுங்க. வாயில வச்சா கரிக்குதுங்க.”

நான் பண்ணைக்காரரைப் பார்த்துச் சிரித்தேன். சுற்றி ஏழெட்டு வேலையாட்கள் நின்றார்கள். பார்வையாளர்கள் இருந்தால் என் நாக்குக்குக் கொழுப்பு ஏறிவிடும்.

“அஞ்சு வருசம் காலேஜுல நான் படிச்சதை நீ வாயில வச்சே கண்டுபிடிச்சிட்டியா? தண்ணி இருக்கட்டும். கிளிஞ்சல் மூட்டை தீவனத்துக்குப் போகுதா, வெளிய போகுதான்னு மொதல்ல சொல்லு.”

அவர் மனைவி கூடையைக் கீழே வைத்தார். அந்த மனிதர் திருடினார் என்று நான் சொல்லவில்லை என்று பிறகு பல நாள் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். சொல்லாமல் வேறென்ன செய்தேன்?

காரில் உட்கார்ந்து குறிப்பு எழுதினேன். ஓடு மெலிவு, ஈர எச்சம், புது போர்வெல். கடைசி வரி: ‘தீவனம் கலக்குபவர் தண்ணீர்மேல் பழி போடுகிறார். சிரிப்பு.’

மறுநாளே அவரையும் மனைவியையும் பண்ணையை விட்டு அனுப்பிவிட்டார்கள். கிளிஞ்சலை இரட்டிப்பாக்கச் சொன்னேன். மூன்று வாரம் ஆகியும் முட்டை உடைந்துகொண்டேதான் இருந்தது. பண்ணைக்காரர் தினமும் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஞாயிறு கைப்பேசி கேட்டபோது வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன்.

‘ஓடு மெலிவு’ என்று தேடினேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய குறிப்பு ஒன்று வந்தது. வேறு பண்ணை, என் எழுத்து. ‘கிளிஞ்சலைக் கூட்டியும் பயனில்லை. புது போர்வெல், தண்ணீரில் உப்பு. தண்ணீரை மாற்றிய பிறகும் பல கோழிகளுக்கு ஓடு சரியாகவில்லை. அடுத்த முறை முதலில் தண்ணீரைக் கேள்.’

இரண்டையும் இணைத்தேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பழைய குறிப்பின் அடியில் புதியது வந்து நின்றது, ‘சிரிப்பு’ என்ற சொல்லோடு. பண்ணைக்குப் போவதற்கு முந்தின ஞாயிறுகளில் இந்த வேலையைச் செய்து வந்திருந்தால் அந்தப் பழைய குறிப்பு ஒருமுறையாவது கண்ணில் பட்டிருக்கும். பண்ணையைப் பார்த்துவிட்டு வந்த அந்த வார ஞாயிறாவது செய்திருந்தால், ஒரே வாரத்தில் அவரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம்.

மறுநாள் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினேன். உப்புதான். பண்ணைக்காரர் லாரித் தண்ணீருக்கு மாறினார். ஒரு பகுதிக் கோழிகளுக்கு ஓடு தேறவேயில்லை, கழித்துக் கட்டினார்கள். அந்த மனிதரைத் திரும்பக் கூப்பிடலாமே என்றேன்.

“புது ஆளு குடும்பத்தோட வந்தாச்சுங்க டாக்டர். நீங்க சொன்னீங்கன்னுதானுங்க போகச் சொன்னேன். இப்ப கூப்புட்டா எனக்கும் அசிங்கம், உங்களுக்கும் அசிங்கம். உட்ருங்க.”

தீவனம் கலக்கியவரை விசாரித்துக்கொண்டு போய், நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பார்த்தேன். மரத்தூள் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் துண்டை இடுப்புக்கு இறக்கினார். அது என்னைக் கொன்றது.

“தண்ணிதாங்க. நீங்க சொன்னதுதான் சரி,” என்றேன். இந்த முறை ‘நீங்க’ வந்தது.

“எனக்குத் தெரியுமுங்களே சார்.” குரலில் கோபம்கூட இல்லை. “ஒரு பண்ணையிலயும் சேக்க மாட்டீங்கறாங்க. கிளிஞ்சல் களவாண்டவன்னு பேராயிப்போச்சுங்க. எனக்குக் கோழியத் தவுர ஒண்ணும் தெரியாதுங்க. நாலு பேரு முன்னாடி சொன்னீங்க. அதே மாதிரி நாலு பேரு முன்னாடி இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. மாசாமாசம் கூட்டத்துல பேசறீங்களாமுங்க, எல்லாப் பண்ணைக்காரங்களும் வருவாங்களாமுங்க.”

“கண்டிப்பாச் சொல்றேங்க,” என்றேன்.

அந்த மாதக் கூட்டத்தில் பேசினேன். உப்புத் தண்ணீரும் ஓடு மெலிவும் என்பது தலைப்பு. திரையில் என் இரண்டு குறிப்புகளையும் காட்டினேன். ‘சிரிப்பு’ இருந்த வரியை மட்டும் முன்கூட்டியே வெட்டிவிட்டேன். ஒரு பண்ணையில் வேலையாள் ஒருவரைத் தவறாகச் சந்தேகப்பட்டோம் என்ற வாக்கியத்தைத் தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். முன்வரிசையில் அந்தப் பண்ணைக்காரர் உட்கார்ந்து என்னையே பார்த்தார். அந்த வாக்கியத்தை வாசிக்காமலே தாளைத் திருப்பிவிட்டேன். பேச்சு முடிந்ததும் கைதட்டினார்கள். டாக்டர் எதையும் மறக்க மாட்டார் என்று ஒருவர் சொன்னார். வாராவாரம் நினைவூட்டல் வைப்பது எப்படி என்று நாலைந்து பேர் தங்கள் கைப்பேசியை நீட்டினார்கள். நின்று நிதானமாகச் சொல்லிக் கொடுத்தேன்.

அந்த ஞாயிறு ஒழுங்காக உட்கார்ந்தேன். புதுக் குறிப்பு எழுதினேன்: ‘தீவனம் கலக்கியவர் சொன்னது சரி. அவர் திருடவில்லை.’ பழைய இரண்டோடும் இணைத்தேன். அந்த நோட்டை என்னைத் தவிர யாரும் திறக்க முடியாது. ‘முடிந்தது’ என்பதை அழுத்தினேன்.