புள்ளி விரிந்த பக்கம்

எனக்கும் கட்டிங் அக்காவுக்கும் முதல் நாளிலிருந்தே ஆகாது. ரேணிகுண்டாவில், யோகா உடுப்பும் ஃபுட்பால் கிட்டும் தைத்து ஆன்லைனில் விற்கிற ஒரு சின்ன கம்பெனியில் இருவரும் வேலை பார்த்தோம். அவள் கீழே துணி வெட்டும் மேஜைக்குத் தலைவி. நான் மாடியில், போட்டோ எடிட் செய்கிற அறையில். அந்த அறையில் ஏசி இருந்தது, அதுதான் வினை. கம்ப்யூட்டருக்காகப் போட்ட ஏசி என்று எத்தனை முறை சொன்னாலும் சரி, நான் படி இறங்கும்போதெல்லாம், "மகாராணி வந்துக்கினு கீது, வழி வுடுங்கமே" என்று மேஜைப் பெண்களிடம் உரக்கச் சொல்லுவாள். அவள் சத்தியவேடு பக்கம், நான் புத்தூர் பக்கம். மற்றவர்களுக்குத் தமிழ் புரியும், பேசுவது தெலுங்கு. தமிழே பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான், ஒட்டிப் போயிருக்க வேண்டும். ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளத்தான் அந்தத் தமிழ் உதவியது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு டிசைனுக்குப் பத்து நிறம் வரும். பத்தையும் தைத்துப் படம் எடுக்க ஓனருக்குப் பொறுமை கிடையாது. ஒன்றை மட்டும் தைத்து, திருப்பதியிலிருந்து வருகிற யோகா டீச்சருக்குப் போட்டுப் படம் எடுப்போம். மீதி ஒன்பதையும், சில சமயம் ஃபுட்பால் கிட்டையும்கூட, டீச்சரின் சம்மதத்தோடு படத்திலேயே நான் மாட்டிவிடுவேன். இப்போது இதற்கென்றே மென்பொருள் இருக்கிறது. இடத்தைக் குறித்து, இன்ன உடுப்பு என்று எழுதினால் மாட்டிக் காட்டும். ஆனால் அது மாட்டுவது துணி இல்லை, பெயிண்ட். இழுபடும் துணி உடம்பில் எப்படி உட்காரும் என்பது அதற்குத் தெரியாது. முட்டியின் பின்பக்கம் மெல்லிய மடிப்பு விழ வேண்டும். கணுக்காலில் கொஞ்சம் துணி சேர வேண்டும். இடுப்புப் பட்டை சதையை லேசாக அமுக்கி, அதன் கீழே ஒரு நூல் அளவு நிழல் போட வேண்டும். ஃபுட்பால் ஜெர்சி என்றால் தோளிலிருந்து தொங்க வேண்டும், உள்ளே போடுகிற பனியன் மட்டும் ஒட்ட வேண்டும். இதையெல்லாம் கையால் திரும்பக் கொண்டுவருவது நான்தான். இந்த வட்டாரத்தில் என்னைவிடச் சுத்தமாகச் செய்ய ஆள் இல்லை என்கிற திமிர் எனக்கு இருந்தது. இன்னும் இருக்கிறது.

சண்டை வெடித்தது ஒரு யோகா லெக்கிங்ஸில். கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி.

அந்தத் துணி ஒரு பக்கம் அதிகமாக இழுபடும், இன்னொரு பக்கம் குறைவாக. அதிகமாக இழுபடும் பக்கம் காலைச் சுற்றி வர வேண்டும். அதற்காகவே வெட்டுகிற அச்சுக் காகிதத்தில் அம்புக்குறி போட்டிருப்பார்கள். அந்த அம்பைத் திருப்பிப் போட்டால் துண்டுகள் நெருக்கமாக அடங்கும், துணி மிச்சமாகும். திருப்பிப் போடச் சொன்னது ஓனர். வேண்டாம் என்று கட்டிங் அக்கா சொன்னதாகவும், அவர் அதட்டியதாகவும் மேஜைப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது சாம்பிளைத்தான்.

டீச்சர் அதைப் போடவே பத்து நிமிடம் ஆனது. முன்காலை மடக்கி வீரபத்திராசனத்தில் நின்றதும் தொடையில் குறுக்கே குறுக்கே வரி விழுந்தது. பின்னிடுப்புப் பட்டை கீழே இறங்கியது. முட்டியில் இருந்த வட்டப் புள்ளியெல்லாம் நிறுத்தி வைத்த முட்டை மாதிரி நீளவாக்கில் நின்றது. நான் படத்தை ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் முட்டியிலும் இடுப்பிலும் விரலால் சிவப்பு வட்டம் போட்டு, இங்கெல்லாம் சரிசெய் என்று திருப்பி அனுப்பினார். சரிசெய்தேன். வரிகளை அழித்தேன், பட்டையை ஏற்றினேன். புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, நல்ல லெக்கிங்ஸில் எப்படி இருக்குமோ அப்படி, பக்கவாட்டில் விரித்துவிட்டேன். ஒரு முழு நாள் வேலை. முடித்ததும் என்னையே நான் மெச்சிக்கொண்டேன்.

அடுத்த மாதம் பார்சல் பார்சலாகச் சரக்கு திரும்பி வந்தது. குனிந்தால் இறங்குகிறது, எழுந்தால் முட்டி பொதபொதவென்று தொங்குகிறது என்று எல்லோரும் ஒரே புகார்.

ஓனர் எல்லோரையும் மேஜையைச் சுற்றி நிற்க வைத்தார். திரும்பி வந்த ஒன்றை எடுத்து அக்காவின் முகத்துக்கு எதிரே இழுத்துக் காட்டினார். "அம்பைத் திருப்பிப் போட்டு வெட்டியிருக்கிறாய்" என்று தெலுங்கில் ஆரம்பித்தார்.

"நீங்க சொல்லித்தான் சார் போட்டேன். சாம்பிளே அப்டித்தான் வெட்டுனேன்."

"அபத்தம்!" என்று அவர் கத்தினார். தெலுங்கில் பொய் என்று அர்த்தம். "சாம்பிள் சரியாகத்தான் இருந்தது. ஆதாரம் இருக்கிறது. அதற்குப் பிறகு நீயாக உன் வசதிக்குத் திருப்பியிருக்கிறாய்."

போனைத் திறந்து ஆதாரத்தை மேஜை முழுக்கச் சுற்றிக் காட்டினார். என் படம். ஒரு வரி இல்லாத தொடை, இறங்காத பட்டை, பக்கவாட்டில் அழகாக விரிந்த புள்ளிகள். பெண்கள் ஒவ்வொருவராகப் பார்த்துத் தலையைக் குனிந்தார்கள். போன் அக்காவிடம் வந்தது. அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

நான் திருத்திய படத்தால்தான் அவள் மாட்டுகிறாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது என்று இங்கே எழுதினால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அது பொய். அந்த நிமிடமே எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் திணறுவதைப் பார்க்க எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. மகாராணி, வழி வுடுங்க என்ற குரல் இனிமேல் கேட்காது என்று நினைத்தேன். ஓனர் ஒரு முறை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"கட்டிங்கில் தப்பு செய்து வெளியே போனாய் என்று மற்ற கம்பெனிக்கெல்லாம் நானே சொல்லுவேன். இந்த ஊரில் இனி கத்தியைத் தொட முடியாது" என்றார் அவர். அக்கா வெட்டும்போது போடுகிற கம்பிக் கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இன்னும் திருப்தியாக இருந்திருக்கும், அதையும் ஒளிக்கவில்லை.

மறுநாள் காலை நான் ரயிலிறங்கி வந்தபோது அவள் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. நான் தாண்டிப் போகப் பார்த்தேன்.

"நில்லுமே" என்றாள். "ஒங்கிட்ட கெஞ்ச வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பதினெட்டு வருசமா அம்பு பாத்து வெட்டிக்கினு கீறேன். எங் கையில வெட்டுனது எனக்குத் தெரியும். அந்தப் படத்துல கீறது என் வெட்டு இல்ல. அத்த எவ வெட்டுனா?"

"எனக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

"ஒனக்குத் தெரியாதா?"

நான் உள்ளே போய்விட்டேன். ஏசியைப் போட்டேன். ஓனர் அனுப்பியிருந்த புது வேலையைத் திறந்தேன். அது அதே லெக்கிங்ஸ், மரூன் நிறத்தில். புள்ளியைப் பிடித்து விரிக்க மவுஸில் கை வைத்தேன், முடியவில்லை. எரிச்சல் எரிச்சலாக வந்தது, அவள்மேல்தான். நான் எவ்வளவு கெட்டவள் என்று என்னிடமே கேட்டுவிட்டாளே என்கிற எரிச்சல்.

மூலப் படத்தைத் தேடி எடுத்தேன். அதையும், சிவப்பு வட்டம் போட்டு வந்த படத்தையும், ஓனர் எழுதிய வாசகம் தெரிகிற மாதிரி, பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். கீழே போய் இரண்டையும் வெட்டும் மேஜையில், அந்தக் கையுறைக்குப் பக்கத்தில் விரித்தேன். பெண்கள் கூடிவிட்டார்கள். ஓனர் ஓடி வந்தார்.

"சாம்பிள்லயும் புள்ளி நீட்டமாத்தான் கீது" என்று அவர்களிடம் சொன்னேன். "நேத்து பாத்தது நான் கம்ப்யூட்டர்ல வெட்டுனது. சார்தான் வட்டம் போட்டு சரிபண்ணச் சொன்னாரு. அவருக்குத் தெரியும்."

"அது வேறு சாம்பிள்" என்றார் அவர்.

"அப்ப அந்த வேற சாம்பிள் எங்க சார்?"

அவர் பிரிண்டுகளைக் கிழித்தார். ஆனால் மேஜைப் பெண்கள் எல்லோருடைய போனுக்கும் இரண்டு படங்களையும் நான் படி இறங்கும்போதே அனுப்பிவிட்டிருந்தேன். கம்பெனிப் படத்தை வெளியே விட்டாய், இந்த நிமிடமே வெளியே போ என்று அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். போகிறேன் என்றேன். அவர் திரும்பிப் பெண்களை வேலையைப் பார்க்கச் சொன்னார். ஒருத்தியும் மெஷினைத் தொடவில்லை. திரும்பி வந்த சரக்குக்கெல்லாம் புதிதாக வெட்டித் தர வேண்டும். நூறு அடுக்குத் துணியை நகராமல் வெட்ட அங்கே அக்காவைத் தவிர ஆள் இல்லை என்பது அவருக்கும் தெரியும். அரை மணி நேரம் முறைத்துக்கொண்டு நின்றவர், கடைசியில் அவளை உள்ளே விடும்படி வாட்ச்மேனைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தார்.

நான் பையோடு வெளியே போகும்போது அவள் உள்ளே வந்துகொண்டிருந்தாள். எனக்குள் அற்பமாக ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. ஒரு வார்த்தையாவது சொல்லுவாள் என்று.

சொன்னாள். "நேத்து வாயத் தொறக்கறதுக்கு ஒனக்கு இன்னா கேடு? ராத்திரி பூரா எம் பொண்ணு கேட்டுக்கினே இருந்தா, நீ நெஜமா தப்பா வெட்டுனியாம்மான்னு. அத்த நீ எந்தக் கம்ப்யூட்டர்ல அழிப்ப?"

வழியை விட்டு நான்தான் ஒதுங்கினேன்.

இப்போது சித்தூரில் ஒரு ஸ்டுடியோவில் இருக்கிறேன். கல்யாண ஆல்பம் போக, ஜிம், விளையாட்டு உடுப்புப் படங்களும் வரும். தொடையில் வரி விழுந்த படம் வந்தால் முதலில் கடைக்காரரைக் கூப்பிட்டு, துணியைப் பாருங்கள், வெட்டைப் பாருங்கள் என்கிறேன். வாயாடி என்று பெயர். இருக்கட்டும்.

போன மாதம் இங்கே ஒரு கடையில் அந்தக் கருநீலப் புள்ளி லெக்கிங்ஸைப் பார்த்தேன், அதே கம்பெனி. வாங்கி வந்து போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தி, கண்ணாடி முன்னால் முட்டியை மடக்கி நின்றேன். பட்டை இறங்கவில்லை. புள்ளி பக்கவாட்டில் விரிந்தது, நான் விரித்ததைவிடச் சரியாக. அவள் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. போனைக் கையில் எடுத்தேன், கூப்பிடவில்லை. பிறகு லெக்கிங்ஸைக் கழற்றி மடித்து வைத்தேன். அக்காவின் பெண்ணிடம் யாராவது உண்மையைச் சொல்லியிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது.