ஐம்பது மடங்கும் ஐம்பது சென்டிமீட்டரும்

தங்கபாய் மதுரையில் சிவில் டிப்ளமோ முடித்தவள். ராஜபாளையத்தில் இன்ஜினியர் சுப்புராஜின் அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை. 1988-ல், திருவில்லிபுத்தூர் சாலையில் ஒரு பஞ்சு குடோன் கட்டினார்கள். கம்பி வளைப்பதற்கான அட்டவணை முழுவதும் இங்கிலீஷில் இருந்தது. மேஸ்திரிகள் ஒவ்வொரு வரிக்கும் ஆளனுப்பிக் கேட்டதால், அதைத் தமிழில் எழுதிக் கொடு என்று சுப்புராஜ் அவளிடம் சொன்னார்.

பள்ளியில் தமிழுக்குப் பரிசு வாங்கியவள் அவள். 'கவர்' என்று எழுதக் கை வரவில்லை; 'உறை' என்று எழுதினாள். ஒரு கம்பியின் முனை இன்னொன்றின் மேல் படிந்து சேரும் நீளமான 'லேப்' என்பதை 'மேற்பொருத்தம்' என்றும், கொக்கியை 'வளைமுனை' என்றும் ஆக்கினாள். எழுதிய தாளைத் தானே எடுத்துக்கொண்டு போய் சைட்டில் கொடுத்தாள்.

கம்பி மேஸ்திரி சோணைமுத்து மம்சாபுரத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். அவருக்குக் கீழே ஏழு பேர். அதில் ஒருவன் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "உறைன்னா என்ன, கம்பிக்குச் சாக்கு மாட்டணுமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிமுகத்துக்கும் நடுவே நாற்பது மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று விளக்குவதற்குள் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

சோணைமுத்து சிரிக்கவில்லை. "ம்மா, மேற்பொருத்தம் அம்பது சென்டின்னு போட்டிருக்கு. லேப்பத்தானே சொல்லுதிய? தூணுக்கு இருபது எம்எம் கம்பி. அதுக்கும் இதே அளவுதானா?"

அவரும் கேலி செய்வதாகவே அவளுக்குப் பட்டது. "எழுதினதப் படிச்சுச் செய்யுங்க. அதுக்குத்தான் தமிழ்ல எழுதியிருக்கு" என்றாள். ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடித்தளத்திலிருந்து பன்னிரண்டு தூண்களுக்கும் அடிப்பாகம் கான்கிரீட் போட்டாயிற்று. மேலே நீட்டி நின்ற கம்பிகளோடு தூண் கம்பிகளைச் சேர்த்துக் கட்டியிருந்த அன்று சுப்புராஜ் டேப்போடு வந்தார். முதல் தூணிலேயே நின்றுவிட்டார்.

"கம்பி கனத்தைப் போல அம்பது மடங்கு லேப் வேணும். இருபது எம்எம்முக்கு ஒரு மீட்டர். பாதிதான் இருக்கு. இத்தனை வருசம் என்னய்யா வேலை பாத்த?"

தங்கபாய்க்கு அப்போதுதான் உறைத்தது. முந்தின மாதம் ஒரு வீட்டுத் தளத்துக்கு அட்டவணை எழுதியிருந்தாள். அங்கே பத்து எம்எம் கம்பி. ஐம்பது மடங்கு என்பது சரியாக ஐம்பது சென்டிமீட்டர். இங்கிலீஷ் தாளில் மடங்கு என்று இருந்த இடத்தில், அந்தக் குறிப்பை அப்படியே தூணுக்கும் பார்த்து எழுதிவிட்டாள்.

சோணைமுத்து அவளைப் பார்த்தார். அவள் தன் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தாள்.

"சொன்னபடிதான் செஞ்சேன் சார்" என்றார் அவர்.

"யாரு சொன்னா?"

சோணைமுத்து கையிலிருந்த கட்டுக்கம்பியைச் சுருட்டி வைத்தார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் சுப்புராஜ். அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை.

லேப்புக்குப் போதுமான அளவு அடிக்கம்பி தெரியும்படி தூண்களின் அடிப்பாகத்தை அரை மீட்டருக்கு மேல் உளியால் கொத்தி எடுத்தார்கள். அந்தச் சத்தத்தை இரண்டு நாள் கேட்டாள். மூன்றாம் நாள் காலையில் சுப்புராஜ் முன்னால் தன் கைப்பிரதியை வைத்து, நடந்ததைச் சொன்னாள். அவர் தாளை எடுத்துப் பார்த்தார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

அன்று மதியம் மம்சாபுரம் போனாள். சோணைமுத்துவின் மனைவி இருளம்மாள் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"தப்பு என்னோடது அண்ணாச்சி. சார்கிட்டச் சொல்லிட்டேன்."

"தாள் என் பையிலதான் இருந்துச்சு" என்றார் சோணைமுத்து. "எடுத்து நீட்ட எம்புட்டு நேரம் ஆகும்? நீங்களாச் சொல்லுவியன்னு பாத்தேன்."

அவளால் நிமிர முடியவில்லை.

"சார்கிட்டச் சொன்னது சரி. அந்த ஏழு பேரும் எனக்கு லேப் தெரியாதுன்னுல்ல நெனச்சிட்டு இருக்கானுவ. அவனுவகிட்ட யாரு சொல்லுவா?"

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சைட்டுக்குப் போனாள். ஏழு பேரும் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். நின்றபடியே சொன்னாள்: அளவைத் தப்பாக எழுதியது நான், மேஸ்திரி கேட்டபோது எடுத்தெறிந்து பேசியதும் நான், அவர் திட்டு வாங்கியபோது வாய்மூடி நின்றதும் நான். இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தவே இல்லை. சாக்கு என்று கேட்டவன் மட்டும், "மேஸ்திரிக்குத் தெரியுமா, நீங்க வந்து சொன்னது?" என்றான்.

பிறகு அட்டவணையைப் புதிதாக எழுதினாள். கவர், லேப், கொக்கி என்று அவர்கள் வாயில் இருந்த சொற்களையே போட்டாள். மடங்குக் கணக்கை விட்டுவிட்டு, பத்து எம்எம்முக்கு 50 சென்டி, பன்னிரண்டுக்கு 60, பதினாறுக்கு 80, இருபதுக்கு 100 என்று ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாக எழுதினாள். கொடுப்பதற்கு முன்னால் அந்த ஏழு பேரில் ஒருவனை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

சுப்புராஜ் ஆளனுப்பியும் சோணைமுத்து திரும்பி வரவில்லை. திருவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக் கட்டட வேலையில் சேர்ந்துவிட்டார். புதிய தாளின் பிரதி ஒன்றை அவருக்குக் கொடுத்தனுப்பினாள். ஒரு வாரத்தில் அது திரும்பி வந்தது. தூண் கம்பிகளைச் சுற்றி, இரு முனையும் கொக்கியாக வளைத்துக் கட்டும் வளையக் கம்பியை வெட்டும் நீளத்தில், 'கொக்கி சேர்த்து' என்று அவள் எழுதியிருந்த இடத்தில், 'ரெண்டு கொக்கியும் சேத்து' என்று பென்சிலால் திருத்தியிருந்தார். வேறொன்றும் எழுதவில்லை. அவள் அப்படியே மாற்றிக்கொண்டாள்.

பல வருடங்கள் கழித்தும், பஸ் ஸ்டாண்டில் அவரைக் கண்டால் அவளுக்கு முதலில் கண் தாழ்ந்துவிடும். பிறகுதான் "நல்லாருக்கியளா அண்ணாச்சி" என்று கேட்பாள்.